சமோவா இழந்த வெள்ளிக்கிழமை

2011 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 29 ஆம் திகதி வியாழக்கிழமை இரவு சமோவா நாட்டு மக்கள் வழமைபோல் உறங்கச் சென்றனர். மறுநாள் காலை அவர்கள் விழித்தபோது டிசெம்பர் 31 ஆம் திகதி, சனிக்கிழமையாக இருந்தது. இடையில் வரவேண்டிய டிசெம்பர் 30, வெள்ளிக்கிழமை, அந்நாட்டின் நாட்காட்டியில் இடம்பெறவேயில்லை. அன்று பிறந்தநாள் கொண்டாட வேண்டியவர்களுக்கு அவ்வருடம் பிறந்தநாளே இல்லாமற் போயிற்று.

இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள முதலில் சமோவாவின் அமைவிடத்தை உலகப்படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தென் பசுபிக் சமுத்திரத்தில், நியூசிலாந்துக்கு வடகிழக்கே இத்தீவு நாடு அமைந்துள்ளது. தலைநகர் ஆப்பியா. ஏறத்தாழ 172° மேற்கு நெடுங்கோடு இதனருகே செல்கிறது. அதாவது 180° நெடுங்கோட்டிலிருந்து 8 பாகை மாத்திரமே கிழக்கே உள்ளது. சர்வதேச திகதிக்கோடு பெரும்பாலும் 180° நெடுங்கோட்டை ஒட்டியே செல்வதால், சமோவா அக்கோட்டின் கிழக்குப் பக்கத்தில், உலகிலேயே மிகவும் பிந்திய நேரத்தைக் கொண்ட நாடுகளுள் ஒன்றாக இருந்தது. கோட்டின் மேற்குப் பக்கத்தில் நியூசிலாந்தும் அவுஸ்திரேலியாவும் இருந்தன.

இங்கு மாணவர்கள் ஒரு விடயத்தை மனத்திற் கொள்ள வேண்டும். 1884 இல் வொஷிங்டனில் நடைபெற்ற மாநாடு கிறீன்விச் நெடுங்கோட்டை 0° என ஏற்றுக்கொண்டதே தவிர, திகதிக்கோடு எவ்வழியே செல்லவேண்டும் என்பதை எந்தச் சர்வதேச உடன்படிக்கையும் கட்டாயப்படுத்தவில்லை. தனது நாட்டில் என்ன திகதி என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கின்றது. படவரைஞர்கள் அதற்கேற்பக் கோட்டை வளைத்து வரைகின்றனர். எனவே சமோவா இடம்பெயரவில்லை. கோடுதான் சமோவாவின் கிழக்குப் பக்கத்துக்கு நகர்ந்தது.

சமோவா இவ்வாறு பக்கம் மாறியது முதற்தடவையன்று. 1892 வரை அது அவுஸ்திரேலியாவின் திகதியையே பின்பற்றியது. அக்காலத்தில் அமெரிக்க வர்த்தகர்களுடனான கொடுக்கல் வாங்கல் முக்கியம் பெற்றமையால், மன்னர் மலியேட்டோவா லௌபெபாவின் ஆட்சியில் அமெரிக்கப் பக்கத் திகதிக்கு நாடு மாற்றப்பட்டது. அதற்காக 1892 ஜூலை 4 ஆம் திகதி திங்கட்கிழமை இருமுறை கொண்டாடப்பட்டது. ஜூலை 4 அமெரிக்காவின் சுதந்திர தினம் என்பதையும் கவனியுங்கள். லீப் வருடமாகிய அவ்வருடத்தில் சமோவாவுக்கு மாத்திரம் 367 நாட்கள்! அன்று மேலதிகமாகப் பெற்ற நாளை 119 வருடங்களின் பின் திருப்பிக் கொடுத்தது என்று சொன்னாலும் பிழையில்லை.

அப்படியாயின் 2011 இல் ஏன் மீண்டும் மாற வேண்டும்? வர்த்தகத்தின் திசை மாறியதே காரணம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சமோவாவின் பொருளாதாரத் தொடர்புகள் நியூசிலாந்தையும் அவுஸ்திரேலியாவையும் நோக்கித் திரும்பின. பெருந்தொகையான சமோவர்கள் அந்நாடுகளிலேயே தொழில் செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பினர். ஆனால் நியூசிலாந்தின் நியம நேரத்துக்கும் சமோவாவின் நியம நேரத்துக்கும் இடையில் 23 மணித்தியால வேறுபாடு இருந்தது.

இதனால் ஏற்பட்ட இடைஞ்சலை ஒரு வாரத்தை எடுத்துப் பார்ப்போம். சமோவாவில் வெள்ளிக்கிழமை காலை அலுவலகம் திறக்கும்போது நியூசிலாந்தில் சனிக்கிழமை. அங்கு அலுவலகங்கள் மூடியிருக்கும். நியூசிலாந்தில் திங்கட்கிழமை வேலை தொடங்கும்போது சமோவாவில் ஞாயிற்றுக்கிழமை. மக்கள் தேவாலயத்தில் இருப்பர். ஆகவே சமோவாவின் திங்கள் முதல் வியாழன் வரையான நான்கு நாட்களே இரு பக்கத்துக்கும் பொதுவான வேலைநாட்களாக அமைந்தன. சமோவா தரப்பில் வெள்ளியும் நியூசிலாந்து தரப்பில் திங்களுமாக, வாரத்தில் இரு நாட்கள் வீணாகின்றன என்பதே அப்போதைய பிரதமர் துய்லேபா சைலேலே மலியேலேகாவோயின் வாதமாக இருந்தது. இவரது அரசாங்கந்தான் 2009 இல் வாகனங்களை வீதியின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றியது. அதற்கும் இந்நாடுகளுடனான தொடர்பே காரணம்.

இனி, கணிப்புக்கு வருவோம். பரீட்சையில் பலர் தவறுவது இவ்விடத்திலேயே. அப்போது சமோவாவில் கோடைகால நேரம் நடைமுறையில் இருந்ததால், கடிகாரம் கிறீன்விச் நேரத்துக்கு 10 மணித்தியாலம் பிந்தியிருந்தது. வியாழன் 29 ஆம் திகதி நள்ளிரவு 12 மணியானபோது, கிறீன்விச்சில் 10 மணித்தியாலம் கூட்ட வேண்டும். அங்கு 30 ஆம் திகதி முற்பகல் 10 மணி. அக்கணம் முதல் சமோவா கிறீன்விச்சுக்கு 14 மணித்தியாலம் முந்தியதாக அறிவிக்கப்பட்டது. 30 ஆம் திகதி முற்பகல் 10 மணியுடன் 14 மணித்தியாலத்தைக் கூட்டினால் நள்ளிரவு 12 மணி, 31 ஆம் திகதி தொடக்கம் என வரும்.

பார்த்தீர்களா? கடிகார முள் ஒரு நிமிடமேனும் அசைக்கப்படவில்லை. 10 உம் 14 உம் சேர்ந்து சரியாக 24. எனவே சூரியன் வழமையான நேரத்திலேயே உதித்தது. மாறியது திகதி மாத்திரமே. "சமோவா மக்கள் 24 மணித்தியாலத்தை இழந்தனர்" என எழுதினால் அது தவறான விடை. ஒருவருடைய ஆயுளில் ஒரு விநாடியும் குறையவில்லை. ஒரு பெயர் மாத்திரமே தவிர்க்கப்பட்டது. கோட்டை மேற்கு நோக்கிக் கடப்பவர் திகதியில் ஒரு நாளைக் கூட்ட வேண்டும், கிழக்கு நோக்கிக் கடப்பவர் ஒரு நாளைக் குறைக்க வேண்டும் என்ற விதியே இங்கும் செயற்பட்டது. பயணியின் இடத்தில் ஒரு நாடு இருந்தது, அவ்வளவே.

ஆயினும் நடைமுறையில் சிக்கல்கள் எழாமலில்லை. வராத வெள்ளிக்கிழமைக்கும் ஊழியர்களுக்குச் சம்பளம் வழங்கவேண்டியிருந்தது. சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுட்டிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையினரிடையே பெரும் கேள்வி எழுந்தது. ஏழு நாட்களுக்கு ஒருமுறை என எண்ணிக்கொண்டு வந்தால், பழைய சனிக்கிழமை இப்போது ஞாயிறு என அழைக்கப்படுகின்றது. எதை அனுட்டிப்பது என்பதில் அவர்கள் இரு பிரிவாயினர்.

அயலிலுள்ள தொக்கெலாவுத் தீவுகளும் சமோவாவுடன் சேர்ந்து அன்றே பக்கம் மாறின. ஆனால் ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட அமெரிக்கச் சமோவா மாறவில்லை. இரண்டுக்குமிடையே ஏறக்குறைய 125 கிலோமீற்றர் தூரமே உண்டு. இரு பகுதியினரும் ஒரே மொழி பேசுவோர், உறவினரும் கூட. 2021 இல் சமோவா கோடைகால நேரத்தைக் கைவிட்டமையால், இப்போது அது கிறீன்விச்சுக்கு 13 மணித்தியாலம் முந்தியுள்ளது. அமெரிக்கச் சமோவா 11 மணித்தியாலம் பிந்தியுள்ளது. இரு இடத்திலும் கடிகாரம் ஒரே நேரத்தையே காட்டும், திகதி மாத்திரம் ஒரு நாளால் வேறுபடும்.

பயிற்சியாக இதனைச் செய்து பாருங்கள். சமோவாவிலிருந்து சனிக்கிழமை முற்பகல் 10.00 மணிக்குப் புறப்படும் சிறிய விமானம் 35 நிமிடம் பறந்து அமெரிக்கச் சமோவாவை அடைகிறது. அங்கு நேரமும் கிழமையும் யாவை? விடை: வெள்ளிக்கிழமை முற்பகல் 10.35. சனிக்கிழமையை அப்பயணி மறுநாள் மீண்டும் ஒருமுறை காண்பார்.