வியாபாரம் அதிகம் நடந்த விலை எது?

பங்குச் சந்தை சார்ட்டின் அடியில் செங்குத்தாக நிற்கும் வால்யூம் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். எந்த நேரத்தில் எத்தனை பங்குகள் கைமாறின என்று அவை சொல்லும். அதே எண்ணிக்கையை, நேரத்தை விட்டுவிட்டு விலைவாரியாகக் கூட்டி, சார்ட்டின் ஓரத்தில் படுக்கைவாட்டில் போட்டால் அதுதான் வால்யூம் ப்ரொஃபைல். காலை பத்து மணிக்கு 500 ரூபாயில் நடந்த வியாபாரமும் மதியம் மூன்று மணிக்கு அதே விலையில் நடந்ததும் ஒரே பட்டையில் சேர்ந்துவிடும்.

அமைதியான ஒரு நாளில் இந்தப் படம் நடுவில் பருத்து, மேலும் கீழும் சிறுத்துப் போகும். விலை ஏற ஏற விற்க ஆள் இருக்கும், வாங்க ஆள் குறையும். இறங்க இறங்க அது தலைகீழாகும். இரு தரப்பும் பெரிய மனக்குறையில்லாமல் கைமாற்றிக்கொள்ளும் இடம் நடுவில்தான் அமைகிறது. ஒட்டன்சத்திரம் மண்டியில் தக்காளிப் பெட்டி ஒரு நாள் 300-லிருந்து 400 ரூபாய் வரை போயிருக்கலாம். ஆனால் முக்கால்வாசிப் பெட்டிகள் 350-ஐ ஒட்டி விற்றிருந்தால், "இன்னிக்குத் தக்காளி 350" என்றுதான் வியாபாரி சொல்வார். நியாய விலை என்று இங்கே சொல்வதும் அவ்வளவுதான். கம்பெனியின் லாபம், கடன் பார்த்துப் போடும் மதிப்பீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்தப் பார்வையைப் பிரபலமாக்கியவர் சிகாகோ போர்டு ஆஃப் டிரேட் என்ற தானியச் சந்தையில் வியாபாரம் செய்த பீட்டர் ஸ்டைடில்மேயர். 1980-களில் அவரது 'மார்க்கெட் ப்ரொஃபைல்' வெளியே வந்தது. அது வால்யூமை எண்ணவில்லை. அரை மணி நேரத்துக்கு ஒரு ஆங்கில எழுத்து என்று வைத்துக்கொண்டு, அந்த அரை மணியில் விலை தொட்ட இடங்களில் எல்லாம் அந்த எழுத்தைப் போட்டார்கள். எழுத்துகள் குவிந்த விலையில் சந்தை அதிக நேரம் நின்றிருக்கிறது என்று பொருள். கம்ப்யூட்டர் வழி வியாபாரம் வந்து, ஒவ்வொரு விலையிலும் நடந்த அளவு உடனுக்குடன் கிடைத்த பிறகு, நேரத்துக்குப் பதில் அளவையே எண்ணத் தொடங்கினார்கள்.

கணக்கை ஒரு கற்பனைப் பங்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் மொத்தம் பத்து லட்சம் பங்குகள் கைமாறின. விலைவாரியாக, ஆயிரங்களில்:

```
508    10
507    20
506    40
505    70
504   110
503   150
502   180
501   160
500   120
499    70
498    40
497    20
496    10
```

அதிகம் நடந்தது 502-ல். இதற்குப் பெயர் பாயின்ட் ஆஃப் கன்ட்ரோல், சுருக்கமாக பிஓசி. அங்கிருந்து தொடங்கி மொத்தத்தில் 70 சதவீதம், அதாவது ஏழு லட்சம் பங்குகள் சேரும்வரை விரித்துக்கொண்டே போக வேண்டும். கையில் இப்போது 180. மேலே உள்ள இரண்டு விலைகளையும் (503, 504) கூட்டினால் 260; கீழே உள்ள இரண்டையும் (501, 500) கூட்டினால் 280. கனமான பக்கத்தைச் சேர்க்கிறோம்: 460. அடுத்த சுற்றில் கீழே 499-ம் 498-ம் சேர்ந்து 110 மட்டுமே. மேலே அதே 260 காத்திருக்கிறது. அதைச் சேர்த்தால் 720. எழுநூறைத் தாண்டியாயிற்று, நிறுத்திவிடலாம். ஆக 500-லிருந்து 504 வரை அன்றைய வேல்யூ ஏரியா. மணி வடிவப் பரவலில் நடுவில் இருந்து இரு பக்கமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் சுமார் 68 சதவீதம் அடங்கும். அதைத்தான் முழுமையாக்கி 70 என்று வைத்துக்கொண்டார்கள். அந்த எண்ணில் வேறு மந்திரம் எதுவும் இல்லை.

மறுநாள் காலை இந்தப் பங்கு 507-ல் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேற்றைய வேல்யூ ஏரியாவுக்கு மூன்று ரூபாய் மேலே. இப்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்த உயரத்தில் வியாபாரம் நடக்கிறதா? 507, 508-ல் பட்டைகள் தடித்துக்கொண்டே வந்து, விலை 504-க்கு இறங்கும்போதெல்லாம் வாங்குவோர் வந்து தாங்கினால், சந்தை புதிய விலையை ஒப்புக்கொள்கிறது. நியாய விலை மேலே நகர்கிறது. "நேற்று 502, இன்று 507, ரொம்ப அதிகம்" என்று விற்கப் போனவர் மாட்டிக்கொள்வது இந்த மாதிரி நாளில்தான்.

மாறாக, மேலே பட்டைகள் மெலிந்தே இருந்து, விலை 504-க்குள் திரும்ப நுழைந்து, அங்கேயே தங்கினால் கதை வேறு. உள்ளே வந்து அடுத்தடுத்து இரண்டு அரை மணி நேரம் நிலைத்தால் மறு ஓரம் வரை, இங்கே 500 வரை, போய்வர வாய்ப்பு அதிகம் என்பது பழைய சிகாகோ வழக்கம். 'எண்பது சதவீத விதி' என்று அதற்குப் பெயரும் உண்டு. அந்த எண்பதை நிஃப்டிக்கும் நம்மூர்ப் பங்குகளுக்கும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. வழியில் 502 அருகே விலை சுணங்கும் என்று மட்டும் எதிர்பார்க்கலாம். எங்கே தப்பு என்று ஒப்புக்கொள்வது என்பதும் இதில் தெளிவாக இருக்கிறது: விலை மறுபடி 504-ஐத் தாண்டி வெளியே தங்கிவிட்டால் இறங்கும் என்ற கணக்கு முடிந்தது.

ஓரங்களில் இப்படிப் போய்வருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. படம் ஒற்றை மேடாக இருக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு ஒரு பெரிய செய்தி வந்து பங்கு 502-லிருந்து 520-க்குத் தாவி அங்கேயே வியாபாரம் ஆனது என்று நினைத்துப் பாருங்கள். 502-ல் ஒரு மேடு, 520-ல் ஒரு மேடு, நடுவில் பள்ளம். சாஃப்ட்வேருக்கு இது தெரியாது. 70 சதவீதத்தை எட்டப் பள்ளத்தையும் சேர்த்துக்கொண்டு, 501 முதல் 521 வரை வேல்யூ ஏரியா என்று கோடு போட்டுவிடும். அதன் நடுவான 511-ல் வியாபாரமே நடந்திருக்காது. செய்திக்கு முன், செய்திக்குப் பின் என்று ப்ரொஃபைலை இரண்டாகப் பிரித்துப் போட்டால்தான் இந்த நாள் புரியும். அப்போது அந்தப் பள்ளத்துக்கும் ஒரு பயன் கிடைக்கும்: மறுநாள் விலை அதற்குள் விழுந்தால், தாங்கிப் பிடிக்கப் பழைய வியாபாரம் இல்லாததால், பெரும்பாலும் வேகமாகவே கடக்கும். அங்கே ஸ்டாப்லாஸை நெருக்கமாக வைத்துவிட்டு, பட்டென்று போய்விட்டதே என்று புலம்புவோர் உண்டு.

தகவலிலும் கோளாறு வரும். நிஃப்டி என்பது ஒரு கணக்கு. அதை யாரும் நேரடியாக வாங்கி விற்பதில்லை. ஆகவே நிஃப்டி சார்ட்டில் ப்ரொஃபைல் போடுவதைவிட நிஃப்டி ஃபியூச்சர்ஸில் போடுவதே சரி. அதிலும் மாதக் கடைசியில் வியாபாரம் அடுத்த மாத கான்ட்ராக்டுக்கு நகரும்போது பழைய கான்ட்ராக்டின் பட்டைகள் மெலியும். அதை ஆர்வக் குறைவு என்று படித்துவிடக் கூடாது. தினம் சில ஆயிரம் பங்குகளே கைமாறும் சிறு கம்பெனிகளில் ஒரே ஒருவர் மொத்தமாக விற்றாலே பிஓசி இடம் மாறிவிடும் என்பதால் அங்கே இந்தக் கருவியை எடுக்காமல் இருப்பது நல்லது.

இரண்டு சாஃப்ட்வேர்களில் இரண்டு பிஓசி காட்டினால் பதற வேண்டாம். ஒன்று ஒவ்வொரு வியாபாரத்தையும் அதன் விலையிலேயே சேர்த்திருக்கும். இன்னொன்று ஒரு நிமிடத்தில் நடந்த மொத்தத்தை அந்த நிமிடத்தின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே பரப்பிவிட்டிருக்கும். பட்டையின் அகலத்தை ஒரு ரூபாயிலிருந்து ஐம்பது பைசாவாக மாற்றினாலும் உச்சிப் பட்டை சற்று நகரும். 502-ஆ 502.50-ஆ என்ற வித்தியாசத்தில்தான் உங்கள் கணக்கே நிற்கிறது என்றால், படத்திலிருந்து அது தர முடியாத துல்லியத்தைக் கேட்கிறீர்கள்.