லோடு ஆட்டோவுக்கு ஆயில் எப்போது மாற்றுவது?

கோயம்பேட்டில் காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும் டீசல் லோடு ஆட்டோ, கடை கடையாக நின்று இறக்கிவிட்டுத் திரும்பும்போது மீட்டரில் 60 கிலோமீட்டர்தான் ஏறியிருக்கும். ஆனால் இன்ஜின் ஓடியது ஐந்து மணி நேரம். சிக்னலில் நிற்கும்போதும் ஆயில் உழைக்கிறது. மீட்டருக்கு அது தெரியாது.

கையேட்டில் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தடையில்லாத சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் சராசரியில் ஓடினால், அது 200 மணி நேர உழைப்பு. நம் காய்கறி வண்டியின் சராசரி 12 கிலோமீட்டர்தான். அதே 5,000 கிலோமீட்டருக்கு இந்த இன்ஜின் 400 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். 200 மணி நேரக் கணக்கில் பார்த்தால் நாற்பது நாளில், அதாவது 2,400 கிலோமீட்டரிலேயே மாற்ற வேண்டும். இது தோராயக் கணக்குதான். சும்மா நின்று ஓடும் நேரத்தில் தேய்மானம் குறைவு என்பது உண்மை. ஆனால் பாரத்தோடு முதல் கியரில் ஊர்ந்து போகும் நேரம் அதை ஈடுகட்டிவிடும். காற்றால் குளிரும் இன்ஜினுக்கு அப்போதுதான் சூடு அதிகம். கடும் உபயோகத்துக்குக் கையேட்டிலேயே தனிக் கெடு இருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

ஆயில் கறுத்துவிட்டதே என்று மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். டீசல் இன்ஜினில் புது ஆயில்கூடச் சீக்கிரமே கறுத்துவிடும். கரியைப் படியவிடாமல் தன்னோடு சுமப்பதுதான் அதன் வேலை. அந்தக் கரி அளவு மீறினால் ஆயில் கெட்டிப்படும், தேய்மானம் கூடும்.

"பழைய வண்டிண்ணே, கொஞ்சம் கெட்டி ஆயிலா ஊத்திருவோம்" என்பார் மெக்கானிக். 15W-40 என்ற எண்ணில் பின்னால் வரும் 40தான் இன்ஜின் சூடான நிலையில் உள்ள கனம். அதை 50 ஆக்கினால் ஆயில் குடிப்பதும் சத்தமும் சற்றுக் குறையலாம். ஆனால் தேய்ந்த ரிங் தேய்ந்ததுதான். டப்பாவில் கனத்தோடு தரக்குறியையும் பாருங்கள்: கையேடு CF-4 கேட்டால், டீசலுக்கான CH-4, CI-4 அதைவிட மேலானவை. பெட்ரோல் ஆயிலின் SL, SN மட்டும் போட்டிருப்பது இதற்கு ஆகாது.

மாற்றும் கெடுவைவிட அளவு பார்ப்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். இந்தச் சின்ன இன்ஜின்களில் ஆயில் கொள்ளளவே குறைவு. கால் லிட்டர் குறைந்தாலும் மீதி ஆயில்மேல் பாரம் கூடிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கேஜ் கம்பியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டை நெருங்கினால் அதே ஆயிலை ஊற்றுங்கள். ஊற்றாமலே அளவு ஏறி, ஆயில் நீர்த்து டீசல் வாடை அடித்தால், எரியாத டீசல் கீழே இறங்குகிறது. அப்போது ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது. இன்ஜெக்டரையும் பம்பையும் சரிபார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.