அடிமானத்தில் x இருந்தால்…

அஞ்சலகத்தில் கிசான் விகாஸ் பத்திரம் வாங்கினால் போட்ட பணம் 115 மாதங்களில் இரட்டிப்பாகும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கணக்கு இது. வட்டி விகிதத்தை யாரும் சொல்லாமல், இந்த ஒரு தகவலிலிருந்தே நாம் அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு ரூபாய் ஓராண்டில் x ரூபாயாக வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 115 மாதம் என்பது 115/12 ஆண்டு. ஆண்டுக்கு ஆண்டு கூட்டு வட்டி என்பதால், x-ஐ 115/12 அடுக்குக்கு உயர்த்தினால் 2 வர வேண்டும். இதையே மடக்கையில் எழுதினால்:

logₓ 2 = 115/12

அதாவது, x அடிமானத்தில் 2-இன் மடக்கை 115/12. இதிலிருந்து x = 2^(12/115). கணிப்பானில் தட்டிப் பார்த்தால் 1.075 வருகிறது. வட்டி 7.5 விழுக்காடு. அரசு அறிவித்த விகிதமும் அதுதான்.

பள்ளியில் நாம் அதிகம் போட்ட மடக்கைக் கணக்குகள் இப்படி இருக்காது. அவற்றில் அடிமானம் 10 அல்லது 2 என்று முன்பே தெரிந்திருக்கும். X மடக்கைக்குள் இருக்கும். அடிமானமே தெரியாத எண் ஆகும்போது கணக்கின் குணம் மாறிவிடுகிறது. விடை காணும் படிகள் சுலபம்தான். கிடைத்த விடைகளில் எது உண்மை, எது போலி என்று பிரித்தெடுப்பதில்தான் மதிப்பெண் போகிறது.

அடிமானத்துக்கு உள்ள நிபந்தனைகள்

மடக்கையை 1614-இல் உலகுக்குத் தந்தவர் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர். 1624-இல் ஹென்றி பிரிக்ஸ் வெளியிட்ட அட்டவணையில் அடிமானம் 10. பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தரும் கருவியாகவே அன்று மடக்கை பயன்பட்டது. அதற்கு அடிமானம் நிலையாக இருந்தால் போதும். 1748-இல் ஆய்லர் தமது நூலில் மடக்கையை அடுக்கின் மறுபக்கமாக வரையறுத்தார். அந்த வரையறையில்தான் ‘எந்த அடிமானம்?’ என்ற கேள்விக்கே இடம் பிறக்கிறது.

அந்த வரையறை எளியது. logₐ b = c என்றால் aᶜ = b. இங்கே a-க்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. a பூச்சியத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். A-யின் மதிப்பு 1 ஆக இருக்கக் கூடாது. இவற்றுடன் b-யும் மிகை எண்ணாக இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளுக்குக் காரணம் உண்டு. அடிமானம் −2 என்று வைத்துப் பாருங்கள். (−2)³ = −8 வரை சிக்கல் இல்லை. ஆனால் (−2)-ஐ 1/2 அடுக்குக்கு உயர்த்தச் சொன்னால், குறை எண்ணுக்கு வர்க்கமூலம் காண வேண்டும். மெய்யெண்களில் அப்படி ஒன்று இல்லை. அடுக்கு தொடர்ச்சியாக ஓட முடியாத இடத்தில் மடக்கைக்கு வேலை இல்லை. அடிமானம் 1 என்றால் சிக்கல் வேறு. 1-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் 1-தான். ஆகவே 1 அடிமானத்தில் 5-இன் மடக்கை என்று கேட்டால் பதிலே கிடையாது. 1-இன் மடக்கை என்று கேட்டால் எல்லா எண்ணும் பதில்.

பூச்சியத்துக்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னங்கள் அடிமானமாக வரலாம் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். logₓ 8 = −3 என்றால் x = 1/2. பின்னமாக இருக்கிறதே என்று சிலர் இதை அடித்துவிடுவார்கள். அது சரியான விடை.

போலி விடை எங்கிருந்து வருகிறது?

ஒரு சின்னக் கணக்கு:

logₓ (3x − 2) = 2

அடுக்கு வடிவுக்கு மாற்றினால் x² = 3x − 2. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் x² − 3x + 2 = 0. காரணிப்படுத்தினால் (x − 1)(x − 2) = 0. ஆக x = 1 அல்லது x = 2.

x = 2 எனில் 2 அடிமானத்தில் 4-இன் மடக்கை 2; சரி. x = 1 எனில்? இருபடிச் சமன்பாட்டில் 1 அழகாகப் பொருந்துகிறது: 1 = 3 − 2. ஆனால் மூலக் கணக்கில் 1 அடிமானமாகிவிடுகிறது. அது மடக்கையே அல்ல.

நாம் காரணிப்படுத்தியதில் தவறில்லை. மடக்கை வடிவிலிருந்து அடுக்கு வடிவுக்குப் போனபோது நிபந்தனைகளை விட்டுவிட்டோம், அங்கேதான் நழுவியது. x² = 3x − 2 என்ற சமன்பாட்டுக்கு x எதுவாக இருந்தாலும் கவலை இல்லை. அதன் விடைக் கூட்டத்தில் மடக்கைக் கணக்கின் விடைகள் எல்லாம் இருக்கும். கூடவே மடக்கைக்கு ஆகாதவையும் வந்து சேரும். எனவே நிபந்தனைகளைத் தனியே எழுதிக்கொள்ளாமல் அடுக்கு வடிவுக்கு மாறக் கூடாது.

அடிமானத்தில் x மட்டும் தனியே இல்லாமல் ஒரு கோவை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

log₍ₓ₊₃₎ (x + 5) = 2

முதலில் நிபந்தனை: x + 3 > 0, அதாவது x > −3, x + 3 ≠ 1, அதாவது x ≠ −2. x > −3 என்றாலே x + 5 மிகை எண்ணாகிவிடும், அதற்குத் தனிக் கவலை வேண்டாம். இனி (x + 3)² = x + 5. விரித்துச் சுருக்கினால் x² + 5x + 4 = 0. விடைகள் −1, −4.

இரண்டுமே குறை எண்கள். ‘மடக்கையில் குறை எண் ஆகாது’ என்று மனப்பாடமாக வைத்திருப்பவர் இரண்டையும் அடித்துவிட்டுத் ‘தீர்வு இல்லை’ என்று எழுதுவார். x = −1 எனில் அடிமானம் 2, உள்ளே 4; கச்சிதமாகப் பொருந்துகிறது. x = −4 எனில் அடிமானம் −1, உள்ளே 1. (−1)² = 1 என்பதும் உண்மைதான்! ஆனாலும் அடிமானம் குறை எண் என்பதால் அது போலி. நிபந்தனை அடிமானத்துக்குத்தான், x-க்கு அல்ல.

அடிமானத்தை இடம் மாற்றும் வழி

ஒரே சமன்பாட்டில் இரண்டு மடக்கைகள் வந்து, ஒன்றின் அடிமானம் இன்னொன்றுக்குள் இருந்தால் நேரடியாக அடுக்கு வடிவுக்குப் போக முடியாது. அங்கே உதவுவது ஒரு சிறிய உண்மை: logₐ b-யும் log_b a-யும் ஒன்றுக்கொன்று தலைகீழி. 2 அடிமானத்தில் 8-இன் மடக்கை 3. 8 அடிமானத்தில் 2-இன் மடக்கை 1/3.

log₂ x + logₓ 2 = 5/2

log₂ x-ஐ t என்று வைத்தால் இரண்டாம் உறுப்பு 1/t. ஆக t + 1/t = 5/2. இருபுறமும் 2t-யால் பெருக்கினால் 2t² − 5t + 2 = 0; t = 2 அல்லது 1/2. எனவே x = 4 அல்லது √2. இரண்டு அடிமானங்களும் மிகை எண்கள், இரண்டும் 1 அல்ல. இரண்டும் ஏற்கத்தக்கவை. t கிடைத்ததுமே நின்றுவிடாமல் x வரை போக வேண்டும். அவசரத்தில் பலர் t-யையே விடையாக எழுதிவிடுவார்கள்.

ஒரு பழைய தேர்வு வினா

ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் 1987-இல் கேட்கப்பட்ட இந்த வினாவில் மேலே சொன்ன எல்லாம் ஒன்றாக வருகின்றன:

log₍₂ₓ₊₃₎ (6x² + 23x + 21) = 4 − log₍₃ₓ₊₇₎ (4x² + 12x + 9)

பார்த்ததும் மலைப்பாக இருக்கும். பேனாவை எடுத்ததும் நிபந்தனையை எழுதுவோம். 2x + 3 > 0 என்பதால் x > −3/2. 2x + 3 ≠ 1 என்பதால் x ≠ −1. 3x + 7-உம் மிகை எண்ணாக வேண்டும், 1 ஆகக் கூடாது. x > −3/2 என்றால் 3x + 7 எப்படியும் 2.5-ஐத் தாண்டிவிடும். ஆகவே x > −3/2, x ≠ −1 என்பது போதும்.

இனி உள்ளே இருப்பவற்றைக் காரணிப்படுத்துவோம். 6x² + 23x + 21 = (2x + 3)(3x + 7). 4x² + 12x + 9 = (2x + 3)². அடிமானங்களே காரணிகளாக வந்திருக்கின்றன.

பெருக்கலின் மடக்கை கூட்டலாகும் என்பதால் இடப்பக்கம் 1 + log₍₂ₓ₊₃₎ (3x + 7). வலப்பக்கம் 4 − 2 log₍₃ₓ₊₇₎ (2x + 3). வர்க்கத்தின் 2-ஐ வெளியே எடுக்கும்போது உள்ளே இருப்பது மிகை எண்தானா என்று சந்தேகம் வர வேண்டும். 2x + 3 > 0 என்று முதலிலேயே எழுதிவிட்டதால் இங்கே தயக்கமில்லை.

log₍₂ₓ₊₃₎ (3x + 7)-ஐ t என்போம். அதன் தலைகீழி 1/t. ஆக 1 + t = 4 − 2/t, அதாவது t² − 3t + 2 = 0. t = 1 அல்லது 2.

t = 1 எனில் 3x + 7 = 2x + 3; x = −4. இது −3/2-ஐவிடச் சிறியது. அடித்துவிடலாம்.

t = 2 எனில் 3x + 7 = (2x + 3)²; 4x² + 9x + 2 = 0; (4x + 1)(x + 2) = 0. x = −2 அல்லது −1/4. −2-உம் எல்லைக்கு வெளியே. மிஞ்சுவது −1/4.

சரிபார்ப்போம். x = −1/4 எனில் 2x + 3 = 5/2; 3x + 7 = 25/4, அதாவது 5/2-இன் வர்க்கம். இடப்பக்கம், 5/2 அடிமானத்தில் 5/2-இன் மூன்றாம் அடுக்கின் மடக்கை, அது 3. வலப்பக்கம், 4-லிருந்து 25/4 அடிமானத்தில் 25/4-இன் மடக்கையைக் கழிக்க வேண்டும்; 4 − 1 = 3.

கிடைத்த மூன்று எண்களும் குறை எண்கள். அவற்றில் ஒன்று மட்டும் விடை. குறியைப் பார்த்து அடிப்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. எதையும் அடிக்காதவருக்கு இரண்டு தவறுகள் கூடும். x > −3/2 என்று முதல் வரியில் எழுதியவருக்கு −4-ஐயும் −2-ஐயும் நீக்க ஒரு பார்வை போதும்.