சிபில் மதிப்பெண்: குறைவு வேறு, இல்லாமை வேறு

வங்கிக் கடனுக்கு விண்ணப்பிப்போருக்குப் பல நேரங்களில் "சிபில் சரியில்லை" என்ற ஒற்றை வரியே பதிலாகக் கிடைக்கிறது. அந்த வரிக்குள் இரண்டு வேறுபட்ட நிலைமைகள் மறைந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிந்தால்தான் மறுப்பை நாம் எதிர்கொள்ள முடியும்.

இந்தியாவில் இயங்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் 300 முதல் 900 வரையிலான அளவில் மதிப்பெண் வழங்குகின்றன. 750-க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கடன் எளிதில் கிடைக்கும். வட்டியும் அந்த வங்கியின் குறைந்த விகிதத்தை ஒட்டி அமையும். 650 முதல் 750 வரை உள்ளோருக்கு வருமானச் சான்றுகள் கூடுதலாகக் கேட்கப்படும்; வட்டியும் கூடும். 650-க்குக் கீழ் பெரும்பாலான வங்கிகள் மறுத்துவிடுகின்றன. அதிக வட்டி வாங்கும் நிதி நிறுவனங்களும் நகைக்கடனுமே எஞ்சுகின்றன.

வட்டியில் ஒரு விழுக்காடு என்பது சிறு வேறுபாடன்று. 10 லட்சம் ரூபாய் வீட்டுக்கடனை 20 ஆண்டுகளில் அடைப்பதாகக் கொள்வோம். 8.5 விழுக்காட்டில் மாதத் தவணை சுமார் 8,678 ரூபாய், 9.5 விழுக்காட்டில் 9,321 ரூபாய். மாதம் 643 ரூபாய் வீதம், கடன் முடிவதற்குள் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகச் செலுத்த நேரிடும்.

இந்தப் படிநிலைகளைச் சட்டம் வகுக்கவில்லை. ஒவ்வொரு வங்கியும் தன் கொள்கைப்படி எல்லைக்கோட்டை வரைகிறது. எனவே ஒரு வங்கி மறுத்த விண்ணப்பத்தை மற்றொன்று ஏற்கக்கூடும்.

இதுவரை கடனே வாங்காதவர் இந்தப் படிநிலைகள் எதிலும் வருவதில்லை. அவரது அறிக்கையில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக NH அல்லது -1 என்று இருக்கும். கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறினார் என்பது அதன் பொருளன்று. மதிப்பிடுவதற்கான வரலாறு இல்லை என்பதே பொருள். தலைமுறையில் முதன்முதலாக வங்கிப் படியேறும் மாணவர் பலரின் நிலை இதுவே. கடன் வரலாறு இல்லை என்ற காரணத்துக்காக மட்டுமே முதல்முறைக் கடனாளியின் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல்.

மதிப்பெண் உண்மையிலேயே குறைவாக இருந்தாலும் கல்விக்கடனில் வாதிட இடமுண்டு. 2023-இல் கேரள உயர் நீதிமன்றம், குறைந்த சிபில் மதிப்பெண்ணைக் காரணம் காட்டி மாணவரின் கல்விக்கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று கூறியது. அந்த மாணவருக்கு முந்தைய கடன் ஒன்றில் நிலுவையும் இருந்தது. வேறு மாநில உயர் நீதிமன்றங்களை இத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது; எனினும் முன்னுதாரணமாக எடுத்துக்காட்டலாம்.

ஆகவே, மறுப்புக்கான காரணத்தை வங்கியிடம் எழுத்து மூலம் கேட்போம். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரவேண்டிய முழு அறிக்கையைப் பெற்று, அதனுடன் ஒப்பிடுவோம். அடைத்த கடன் நிலுவையாகக் காட்டப்பட்டிருந்தால் புகார் அளிக்கலாம். 30 நாட்களுக்குள் புகார் தீர்க்கப்படாவிட்டால், அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெற நமக்கு உரிமை உண்டு.