முழங்கால் பிலிமில் ஒரு வெள்ளைக் கோடு

சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாட்களுக்கு முன்பு, மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்த என் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வீக்கம் இல்லை, ஆனால் மூன்று வாரமாகியும் வலி விடவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மெனிஸ்கஸின் பின்கொம்பில் ‘கிரேடு 2 சிக்னல்’ என்று ரிப்போர்ட்டில் ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் பார்த்த உறவினர் ஒருவர், “ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன்தான்” என்று போனிலேயே முடிவு சொல்லிவிட்டார். அவளுக்கு அன்றிரவு தூக்கமில்லை.

மறுநாள் ரேடியாலஜி டாக்டரம்மாவைப் பார்த்தோம். அவர் பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, பொறுமையாக ஹிந்தியில் விளக்கினார். அன்று கற்றுக்கொண்டதை நம் சங்கக் குடும்பங்களுக்கும் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே இரண்டு பிறைவடிவத் தட்டுகள் இருக்கின்றன. கால்களின் உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று. இவைதான் மெனிஸ்கஸ். வெளி ஓரம் தடித்தும் உள் ஓரம் மெலிந்தும் ஆப்பு போல இருக்கும். பிறையின் முன்நுனியை முன்கொம்பு என்றும், பின்நுனியைப் பின்கொம்பு என்றும், நடுப்பகுதியை உடல் என்றும் சொல்வார்கள்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் உடம்பிலுள்ள நீரின் சிக்னலைப் பிடித்துப் படமாக்குகிறது. மெனிஸ்கஸ் இறுக்கமான நார்களால் ஆனது. அதிலுள்ள நீர் நார்களோடு கட்டுண்டு கிடப்பதால், இயந்திரம் பிடிப்பதற்குள் அதன் சிக்னல் அடங்கிவிடுகிறது. ஆகவே நல்ல மெனிஸ்கஸ் பிலிமில் கன்னங்கரேலென்று தெரியும். அதற்குள் வெண்மையோ சாம்பல் நிறமோ தெரிந்தால் அதுவே ‘மாறுபட்ட சிக்னல்’.

ஆனால் வெண்மை தெரிந்ததும் கிழிசல் என்று சொல்லிவிட முடியாது. அந்த வெண்மை மெனிஸ்கஸின் மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ தொடுகிறதா என்பதுதான் கேள்வி. உள்ளே புள்ளியாக இருந்தால் கிரேடு 1. கோடாக ஓடியும் மூட்டுப் பரப்பைத் தொடாமல் நின்றால் கிரேடு 2. பரப்பைத் தொட்டுவிட்டால் கிரேடு 3, அதுதான் கிழிசல். முதல் இரண்டும் பெரும்பாலும் வயதாக ஆக உள் நார்கள் நைந்து போவதன் அடையாளம். மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சர்ஜனுக்கு அங்கே கிழிசல் எதுவும் தெரியாது. ஏனென்றால் பரப்பு முழுசாக இருக்கும்.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் இருந்தவன். அங்கே அல்ட்ராசானிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போய்த் தேடுவதே, பரப்புக்கு வராமல் உள்ளே ஒளிந்திருக்கும் விரிசலைத்தான். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல்தான் ஒரு நாள் தண்டவாளத்தை ஒடித்துவிடும். எனவே ‘உள்ளே கோடு’ என்று கேட்டதும் பதறினேன். “இங்கே உங்கள் கணக்கு செல்லாது சார். உள்ளேயே நிற்கும் கோட்டுக்காக யாரும் ஆபரேஷன் செய்வதில்லை” என்றார் டாக்டரம்மா.

தொடுகிறது என்பதையும் ஒரே படத்தை வைத்து முடிவு செய்வதில்லை. ரொட்டியைத் துண்டு போடுவதுபோல முழங்காலை 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனில் வரிசையாகப் படமெடுக்கிறார்கள். இரண்டு படங்களிலாவது கோடு பரப்பைத் தொட்டால்தான் உறுதியாகக் கிழிசல் என்பார்கள். ஒன்றில் மட்டும் தொட்டால் ‘இருக்கலாம்’ என்றுதான் எழுதுவார்கள். என் மனைவியின் பிலிமில் கோடு எந்தப் படத்திலும் கீழ் விளிம்புவரை வரவில்லை.

இரண்டாவது சோதனை வடிவம். இதைப் புரிந்துகொள்ள இன்னொரு பிலிமைச் சொல்கிறேன். நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன், இருபத்து மூன்று வயது. கபடியில் திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொண்டது. அதன் பிறகு காலை முழுக்க நீட்ட முடியவில்லை. பூட்டுப் போட்டதுபோல நின்றுவிட்டது. அவனுடைய பிலிமையும் அதே டாக்டரம்மாதான் பார்த்தார். அவன் சம்மதத்தோடு நானும் உடனிருந்தேன்.

பக்கவாட்டில் எடுத்த வரிசையில் (பிலிமில் SAG என்று இருக்கும்) மூட்டின் ஓரத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். ஓரத்துப் படங்களில் பிறையின் உடல் குறுக்கே வெட்டுப்படுவதால், முன்னும் பின்னும் அகன்று நடுவில் குறுகிய ஒரு கறுப்பு உருவம் தெரியும். கழுத்தில் கட்டும் ‘போ டை’ மாதிரி. உடலின் அகலம் சுமார் 1 சென்டிமீட்டர். ஆகவே 4 மில்லிமீட்டர் படங்களில் அந்த உருவம் அடுத்தடுத்து இரண்டில் வர வேண்டும். அதைத் தாண்டி உள்ளே போனால் அது இரண்டு தனித்தனி முக்கோணங்களாகப் பிரியும். பையனின் வெளிப்புற மெனிஸ்கஸில் கணக்கு சரியாக இரண்டு. உட்புறத்தில் ஒன்றுகூட இல்லை. முதல் படத்திலிருந்தே சிறுத்துப்போன முக்கோணங்கள்தான்.

“காணாமற்போன துண்டு எங்கேயாவது கிடக்க வேண்டுமே” என்று சொல்லி, மூட்டின் நடுப் படத்துக்குப் போனார். அங்கே பின்புறக் குறுக்குத் தசைநார் ஒரு கறுப்புப் பட்டையாக வளைந்து தெரியும். அதன் அடியில் அதற்கு இணையாக இன்னொரு கறுப்புப் பட்டை இருந்தது. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. பிறை நீளவாக்கில் கிழிந்து, உள் ஓரம் வாளியின் கைப்பிடிபோல எழும்பி நடுப் பள்ளத்தில் போய் விழுந்திருக்கிறது. கால் நீளாமல் தடுத்தது அதுதான். முன்னிருந்து எடுத்த வரிசையில் (COR) பார்த்தபோதும், உட்புற முக்கோணத்தின் கூர்நுனி வெட்டியதுபோல மழுங்கி இருந்தது.

இங்கே கோட்டை மட்டும் தேடியிருந்தால் ஏமாந்திருப்போம். மிஞ்சிய பகுதி நல்ல கறுப்பாகவே இருந்தது. வடிவமும் எண்ணிக்கையும்தான் காட்டிக்கொடுத்தன.

மருந்தகக் கவுண்டரில் நின்று நாமே தீர்ப்புச் சொல்லவும் கூடாது. வெளிப்புற மெனிஸ்கஸின் பின்பக்கம் ஒரு தசைநாண் உரசிக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வெள்ளை இடுக்கு, கிழிசல் போலவே தெரியும். முன்கொம்பருகே இரு மெனிஸ்கஸையும் இணைக்கும் ஒரு நாரும் அதே வேஷம் போடும். பழகிய கண், பக்கத்துப் படங்களில் அந்த நார் எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்துத்தான் பிரித்தறிகிறது.

உண்மையான கிழிசலே தெரிந்தாலும் வலிக்குக் காரணம் அதுதானா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் ஊரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கிழிசல் தெரிந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியோ விறைப்போ இல்லை. ஆகவேதான் நல்ல எலும்பு டாக்டர் பிலிமைப் பார்ப்பதோடு நிற்காமல், முழங்காலைக் கையால் மடக்கித் திருப்பி, அழுத்தியும் பார்க்கிறார்.

பையனுக்கு அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. கிழிசல் ரத்த ஓட்டமுள்ள வெளி ஓரத்தை ஒட்டி இருந்ததால், துண்டை வெட்டி எடுக்காமல் பழைய இடத்துக்கே தள்ளித் தையல் போட்டார்கள். என் மனைவிக்குத் தொடைத் தசைக்கான உடற்பயிற்சி மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பொங்கலுக்குள் மாடிப்படி பழையபடி ஏறி இறங்கத் தொடங்கிவிட்டாள். பிலிமிலுள்ள வெள்ளைக் கோடு இன்றும் முழங்காலுக்குள் அப்படியேதான் இருக்கும். போனில் தீர்ப்புச் சொன்ன உறவினர் கேட்டால், “விளிம்பைத் தொடவில்லை” என்று அவளே பதில் சொல்கிறாள்.