கையூன்றாமல் எழ முடிகிறதா?

அத்தைக்கு 68 வயது. தினமும் அரை மணி நேரம் நடக்கிறார், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் நாற்காலியை விட்டு எழ, இரண்டு கையையும் ஊன்றி "முருகா" என்று ஓர் உந்து உந்த வேண்டியிருக்கிறது. "கையை மார்போட கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எழுந்து உட்காருங்க, அத்தை" என்றேன். 17 நொடி ஆயிற்று. ஆசியர்களுக்கு மருத்துவர்கள் வகுத்திருக்கும் அளவுப்படி, 12 நொடி ஆனாலே சார்கோபீனியா, அதாவது முதுமைத் தசைத் தேய்வு இருக்குமோ என்று பார்க்க வேண்டும்.

முதுமையில் அதிகம் மெலிவது சட்டென்று விசை தரும் தசை இழைகள். எழவும், தடுக்கினால் சமாளிக்கவும் அவைதான் வேண்டும். நிதான நடையில் அவற்றுக்கு வேலையே இல்லை.

வேலை கொடுத்தால் என்ன ஆகும்? 1990-இல் பாஸ்டனின் முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயதுவரை உள்ள பத்துப் பேரைப் பளு தூக்க வைத்தார்கள். ஒருமுறை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 80 சதவீதம்; எட்டு எட்டாக மூன்று சுற்று; வாரம் மூன்று நாள். எட்டு வாரம் முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. ரகசியம் அந்த 80-இல் இருக்கிறது. அரைக் கிலோவை முப்பது தடவை ஆட்டுவது வேறு கதை.

வீட்டில் 80 சதவீதத்தை அளக்க முடியாது. எட்டாவது தடவையில் திணற வேண்டும், பன்னிரண்டு தடவை சுலபமானால் எடையைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். அத்தை முதலில் வெறுமனே எழுந்து உட்கார்ந்தார். பிறகு 2 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு. வாரம் இரண்டு மூன்று நாள் போதும். எழும்போது மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் எகிறும். தசை வலித்தால் பரவாயில்லை. மூட்டு குத்தினால் நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. முதியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அத்தை 60 கிலோ. ஆக 60 கிராமுக்குக் குறையக் கூடாது. இட்லி, சாம்பார் சாதம், தோசை, கொஞ்சம் தயிர் என்று கூட்டிப் பார்த்தால் 35-ஐத் தாண்டவில்லை. ஓர் இட்லியில் இரண்டு கிராம்தானே! காலையில் இரண்டு முட்டை 12, மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் ஏறக்குறைய 12, இரவில் ஒரு தம்ளர் பால் 6. கணக்கு நேரானது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

புரதப் பொடி? பாஸ்டன் குழுவே 1994-இல் நூறு பேரிடம் பார்த்தது: பளு தூக்காமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை.

மூன்று மாதம் கழித்து அத்தைக்கு 13 நொடி. பை 4 கிலோவாகிவிட்டது. கடையில் அரிசி கிடைக்காத அன்று மருமகள் அதைப் பிரித்துத்தான் உலை வைத்தாளாம்.