கடைசியில் நிற்கும் இரண்டு வினைகள்

ஜெர்மன் மொழியில் 'நேற்று எனக்கு வேலை செய்ய வேண்டியிருந்தது' என்பதை 'இஷ் ஹாபெ கெஸ்டெர்ன் ஆர்பைட்டென் ம்யூசென்' என்றும் சொல்லலாம். 'ம்யூசென்' என்றால் 'வேண்டும்'. தனியாக வந்தால் அதன் இறந்தகால எச்சம் 'கெமுஸ்ட்'. முன்னால் இன்னொரு வினை வந்துவிட்டாலோ அது மாறாமல் அகராதி வடிவிலேயே நிற்கும். 'செய்ய வேண்டி' என்ற நம் வரிசைதான். அந்த இடத்தில் தமிழருக்குச் சிரமமில்லை.

தடுமாற்றம் 'வைல்', அதாவது 'ஏனென்றால்' வரும்போது. துணை வாக்கியத்தில் 'ஹாபெ' வழக்கமாகக் கடைசிக்குப் போகும். இங்கே மட்டும் இரண்டு வினைகளுக்கும் முன்னால் வந்து நிற்கிறது: 'வைல் இஷ் கெஸ்டெர்ன் ஹாபெ ஆர்பைட்டென் ம்யூசென்'. 'ஹாபெ'யை இறுதியில் வைத்தால் பிழை. பேச்சில் பெரும்பாலோர் 'முஸ்டெ' என்ற எளிய இறந்தகாலத்தையே சொல்கிறார்கள்: 'வைல் இஷ் கெஸ்டெர்ன் ஆர்பைட்டென் முஸ்டெ'.